வசந்த பஞ்சமி எந்த நாளில்?

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் பஞ்சாங்கக் கணித அறிஞர்களே, விழாவுக்கு மண்டபம் தந்துதவிய அறங்காவலர் பெருமக்களே, நாட்காட்டி அச்சிடும் அச்சக உரிமையாளர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வசந்த பஞ்சமியின் பருவம், வழிபாடு, கணக்கு என மூன்றைப் பேசுவதாக அழைப்பிதழில் உள்ளது. “நாள் செய்வது நல்லோர் செய்யார்” என்பது பழமொழி. அந்த நாளையே தப்பாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

பருவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்கு இளவேனில் சித்திரையில்தான். வசந்த பஞ்சமி எனப்படும் மாக மாத வளர்பிறைப் பஞ்சமியோ ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வந்துவிடுகிறது. பனி விலகாத நாளில் வசந்தம் ஏது? அங்கிருந்து மாகப் பௌர்ணமிக்குப் பத்துத் திதி, ஹோலிப் பௌர்ணமிக்கு இன்னும் முப்பது. இந்த நாற்பதும் வசந்தத்தை வரவேற்கும் காலம் என்பது வடக்கத்தி மரபு. பிரஜ் பகுதிக் கோயில்களில் அன்றே குலால் என்னும் வண்ணப்பொடி தூவத் தொடங்குவார்கள். அப்போது அங்கே கடுகு வயல் பூத்திருக்கும். ஒரு தண்டை எடுத்துப் பாருங்கள்: அடியில் பச்சைக் காய், நடுவில் நான்கிதழ் மஞ்சள் பூ, நுனியில் இன்னும் விரியாத மொட்டு. மஞ்சள் உடுத்தும் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வேண்டுமா?

இனி கணக்கு. 2025இல் நடந்ததைக் கேளுங்கள். பிப்ரவரி 2 காலை 9.14க்குப் பஞ்சமி தொடங்கியது. மறுநாள் காலை 6.52க்கு முடிந்தது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி; பஞ்சமி என்றால் 48 பாகையிலிருந்து 60 பாகை வரை. அது நாடெங்கும் ஒரே நொடியில் முடியும். ஆனால் சூரியன் ஊருக்கு ஊர் வேறு நேரத்தில் உதிக்கிறான்! 3ஆம் தேதி கொல்கத்தாவில் உதயத்துக்குப் பின் அரை மணிக்கு மேல் பஞ்சமி இருந்தது. பிரயாக்ராஜில் சில நிமிடமே. டெல்லியில் ஏழு மணிக்குப் பிறகுதான் உதயம். அதற்குள் சஷ்டி பிறந்துவிட்டது. வசந்த பஞ்சமியன்று செய்யும் சரஸ்வதி பூஜைக்கு முற்பகலில் பஞ்சமி இருக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 2ஆம் தேதி நண்பகலுக்குள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கிடைக்கிறது. உதய வேளையில் இருக்கும் திதியைக் கொண்டவர்களுக்கோ 3ஆம் தேதி. மகாகும்பத்தின் வசந்த பஞ்சமி நீராடல் அந்த 3ஆம் தேதிதான் நடந்தது. இரண்டுமே பிழையில்லை, ஐயா! தேதியை மட்டும் அச்சிட்டதுதான் குழப்பம்.

நாள் செய்வது நல்லோர் செய்யார். அந்த நாளைச் சரியாகச் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது, அச்சக உரிமையாளர்களே. திதி தொடங்கும் மணி, முடியும் மணி, எந்த ஊர் உதயம், வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா: இந்த நான்கையும் கட்டத்துக்குள் போடுங்கள். வழிபாட்டைப் பேச நேரமில்லை, மன்னிக்கவும். 2026 ஜனவரி 23இல் அதிகாலையே தொடங்கி மறுநாள் விடியுமுன் முடியும் பஞ்சமி யாருக்கும் சிக்கல் தராது. 2025 போல ஒன்று மீண்டும் வருமுன் இதைச் செய்து தாருங்கள்.