காதுகுத்து மொய்யும் அந்த ஒரு ரூபாயும்

எல்லோருக்கும் வணக்கம். ஆவணி பிறந்தால் வீட்டுக்கு வீடு பத்திரிகை வரும். "எவ்வளவு மொய் வைக்கலாம்?" என்ற பேச்சும் கூடவே வரும். மதுரை, தேனிப் பக்கத்துக் காதணி விழாவை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் பேசுகிறேன். கல்யாணத்தைவிட மொய்க் கணக்கு இதில்தான் தெளிவாகத் தெரியும்.

முதலில் அந்த ஒரு ரூபாய். 101, 201, 501, 1001 என்று வைக்கிறோம். பூஜ்யத்தில் முடிந்தால் உறவு அங்கேயே முடிந்தது போல ஆகிவிடும், ஒன்று சேர்த்தால் அடுத்ததற்குத் தொடக்கம் என்பார்கள் பெரியவர்கள். சரிபாதியாகப் பிரிக்க முடியாத தொகை என்றும் சொல்வதுண்டு. அதனால்தான் கடையில் விற்கும் மொய்க் கவரிலேயே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் காது குத்துவதைக்கூட ஒற்றைப்படை வயதில் வைப்பதுதான் வழக்கம்.

அதற்காக எல்லாம் ஒற்றைப்படை என்று நினைத்துவிட வேண்டாம். தாம்பூலத்தில் வெற்றிலையும் பழமும் இரண்டு இரண்டாகத்தான் வைப்போம். ஒற்றை வெற்றிலையை நீட்டினால் பாட்டி முறைப்பார். துக்க வீட்டில் பணம் கொடுத்தால் பல ஊர்களில் அந்த ஒரு ரூபாயைச் சேர்ப்பதில்லை. அங்கே யாரும் தொடர்ச்சியை விரும்புவதில்லை அல்லவா? நாணயம் ஒட்டிய கவரைக் கருமாதிக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம், சீர் வேறு, மொய் வேறு. தாய்மாமன் மேளத்தோடு தட்டு வரிசை கொண்டு வருவார். மாலை, புதுத்துணி, தோடு, பழம், இனிப்பு, வசதியிருந்தால் கிடாய். தட்டுகளை 11, 21 என்று ஒற்றைப்படையில் எண்ணி எடுப்பார்கள். பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அந்த உரிமைக்குப் பக்கத்தில் விருந்தாளி போய் நிற்கக் கூடாது. சும்மா தெரிந்தவர் மாமனைவிடப் பெரிய தோடு வாங்கிக்கொண்டு போனால், அது மரியாதை ஆகாது, மாமனைச் சிறுமைப்படுத்தியதாகிவிடும்.

விருந்தாளிக்கு உரியது மொய் மேசை. பிள்ளையார் சுழி போட்டு, மூலையில் மஞ்சள் தடவிய நோட்டு. ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் எழுதுவார். இப்போது பல மண்டபங்களில் கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். இந்த நோட்டு அந்த வீட்டின் கடன் கணக்கு. அடுத்த விசேஷத்துக்குப் புறப்படும் முன் பீரோவிலிருந்து அதை எடுத்து, ஊர் வாரியாகப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2005-இல் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் 101 வைத்தார். இப்போது அவர் பேரனுக்குக் காதுகுத்து. நீங்களும் 101 வைத்தால் பழைய மொய் தீர்ந்தது, உறவும் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். விலைவாசி ஏறியிருப்பதையும் பார்க்க வேண்டும். ஆகவே பழைய மொய் 101, புது மொய் 400, ஆக 501 வைப்பீர்கள். இனி அவர் உங்களுக்குத் திருப்ப வேண்டியது அந்த 400. அதன்மேல் அவரும் கொஞ்சம் சேர்ப்பார். கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பழையதும் புதியதும் சேர்ந்த பிறகும் ஒரு ரூபாய் ஒன்றுதான் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? புது மொய்யை முழுத் தொகையாக வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை தானாக ஒன்றில் முடியும்.

பழைய கணக்கே இல்லாதவர், அலுவலக நண்பர் மாதிரி, தன் வசதிக்கு 201 அல்லது 501 வைத்தால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தவறு நடப்பது தொகையில் அல்ல, பெயரில். கவருக்குள் துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போடுவார்கள். கவரைக் கிழித்துப் பணத்தை எடுக்கும் அவசரத்தில் அது குப்பைக்குப் போகும். கவரின் மேலேயே தலைப்பெழுத்து, பெயர், ஊர், தொகை எழுதுங்கள். ஒரே ஊரில் நாலு முருகேசன் இருப்பார்கள். "டீக்கடை" என்று ஒரு சொல் சேர்த்தால்தான் ஆள் தெரியும். பிள்ளையின் அம்மா கையில் திணித்துவிட்டு வந்த கவர், நோட்டில் ஏறாமலே போவதும் உண்டு.

பாத்திரம் கொடுப்பவர்கள் கடையிலேயே பெயர் வெட்டித் தரச் சொல்லுங்கள். புள்ளி புள்ளியாக அடித்த அந்தப் பெயர்தான் பின்னாளில் அடையாளம்.

வருமான வரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவருக்குத் தன் திருமணத்தில் வரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. காதுகுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. தாய்மாமன், சித்தப்பா போன்ற நெருங்கிய உறவினர் தருவதற்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் தந்த பணம் ஓர் ஆண்டில் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும். உறவு முறையையும் நோட்டில் எழுதி வைப்பது இதற்கும் உதவும்.

இப்போது பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சாகிறது. அதில் 501 என்று அடித்து அனுப்பினால் நாணயத்தைத் தேடும் வேலை மிச்சம். ஆனால் பணம் மகன் கணக்கிலிருந்து போனால் திரையில் மகன் பெயர்தான் விழும். குறிப்பு எழுதும் இடத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் அடித்துவிட்டு அனுப்புங்கள். மொய் மேசையில் நின்று, "கியூஆர்ல போட்டிருக்கேன், எழுதிக்குங்க" என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.