மரைன் பிளை போட்டும் ஏன் ஊதுகிறது?

"அண்ணாச்சி, பாளையங்கோட்டையில வீடு கட்டி நாலு வருஷம் ஆகுது. கிச்சனுக்கு மரைன் பிளைதான் போட்டோம். இப்ப சிங்குக்குக் கீழ உள்ள கதவோட அடிப்பக்கம் ஊதி, மைக்கா எழும்பிட்டு. மாத்தும்போது எம்டிஎஃப் போடலாமா, இல்ல மரைன்லயே இன்னும் ஒசந்த கிரேடு இருக்கா?"

இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்குக்குக் கீழே எம்டிஎஃப் வேண்டாம். இன்னும் ஒசந்த கிரேடைத் தேடி அலையவும் வேண்டாம். அந்தக் கதவைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடி விளிம்பில் பிளையின் அடுக்குகள் எதுவும் மூடாமல் வெறுமனே தெரியும் என்று நினைக்கிறேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனபோது இதையேதான் பார்த்தேன். மேல் விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் எட்ஜ் பேண்ட் பட்டை அழகாக ஒட்டியிருந்தது. அடியில் மட்டும் ஒன்றுமில்லை. ஆசாரியிடம் கேட்டால், "அது யாருக்கு அண்ணாச்சி தெரியப்போகுது?" என்றார். நமக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்த வீட்டு ஆச்சி வெள்ளிக்கிழமை தவறாமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அடுப்படியைக் கழுவிவிடுவார். ஆற்றில் இறங்கினால் வேட்டி நுனியில் பட்ட ஈரம் முழங்கால்வரை ஏறுமே, அதே மாதிரி அந்த விளிம்பு வழியாக ஏறிவிட்டது.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். பிளையில் கிரேடு என்பது பெரும்பாலும் பசையைப் பற்றியது. ஐஎஸ் 303 தரநிலையில் வரும் எம்ஆர் பிளைக்கு வழக்கமாக யூரியா பசை; காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும், தண்ணீரில் நிற்காது. கொதிநீரைத் தாங்கும் பிடபிள்யூஆருக்கும், ஐஎஸ் 710 என்கிற மரைனுக்கும் பீனால் பசை. மரைனை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிப்பார்கள். அடுக்கு பிரியாமல் நிற்கிறதா என்றுதான் அதில் பார்க்கிறார்கள். மரம் தண்ணீர் குடிக்காது என்று யாரும் சொல்லவில்லை. மரைனும் குடிக்கும், குடித்தால் தடிக்கும், மேலே ஒட்டிய மைக்கா எழும்பும். ஆனால் காய்ந்ததும் பெரும்பாலும் பழைய கனத்துக்கு வந்துவிடும். எம்டிஎஃப் அப்படியில்லை. அது மரநாரை அழுத்திச் செய்தது. ஒருமுறை ஊதினால் காய்ந்த பிறகும் ஊதியபடியேதான் இருக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டிலும் உள்ளங்கை அளவில் இரண்டிரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டின் விளிம்புக்குச் சீலர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். நாலையும் ஒரு தட்டில் அரை அங்குலத் தண்ணீரில் நிறுத்தி, மறுநாள் காலையில் அடிப்பக்கக் கனத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். பிறகு ஒரு வாரம் காயவைத்து மறுபடியும் அளந்தால், நான் எத்தனை வீடியோவில் பேசினாலும் புரியாதது புரிந்துவிடும்.

சரி, உங்கள் கதவுக்கு வருவோம். கழற்றி நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். ஊதிய இடத்தில் அடுக்குகளுக்கு நடுவே கத்தி நுனியை வைத்துப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் பசை விட்டுவிட்டது, அது உண்மையான மரைனாக இருக்க வாய்ப்புக் குறைவு, மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது பலகையில் உள்ள ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்கிற உரிம எண்ணையும் பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபாருங்கள். கத்தி போகவில்லையென்றால் பலகை தப்பித்தது. எழும்பிய மைக்காவை எடுத்து, விளிம்பை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் புது மைக்கா ஒட்டி, நாலு பக்கமும் பிவிசி எட்ஜ் பேண்ட் போடச் சொல்லுங்கள். நாலு பக்கமும். கதவுக்கு 2 மி.மீ. கனமுள்ள பேண்ட் நல்லது. பேண்ட் வரும் விளிம்பில் சீலர் அடித்தால் சூட்டுப் பசை சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதனால் அங்கே அடிக்க வேண்டாம்.

சீலர் தேவைப்படுவது பேண்ட் போட முடியாத இடங்களுக்கு. பெட்டியின் பக்கப் பலகை தரையைத் தொடும் அடி, குழாய்க்காகப் போட்ட துளை, பின்பலகையின் ஓரம், இந்த மூன்றும்தான் முக்கியம். எபாக்சியோ பியூ சீலரோ, முதல் பூச்சைக் கொஞ்சம் நீர்க்க அடியுங்கள், மரம் குடித்துக்கொள்ளும். காய்ந்தபின் இரண்டாவது பூச்சு. குழாயைச் சுற்றி சிலிக்கான். முடிந்தால் பெட்டியையே நாலு அங்குல பிவிசி காலில் தூக்கி நிறுத்துங்கள், ஆச்சி எத்தனை வாளி வேண்டுமானாலும் ஊற்றட்டும்.

எம்டிஎஃப் மேல் உங்களுக்கு ஆசை இருந்தால் அலமாரிக் கதவுக்குப் போடுங்கள். பெயிண்ட் அடிக்க அதுபோல வழவழப்பு பிளையில் வராது. ஆனால் மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் பின்பலகைக்கு வேண்டாம். அங்கே மரைன் போட்டாலும் சுவருக்கும் அதற்கும் அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள்.