‘பழகிப்போச்சு’ என்ற ஒரு சொல்லில் மூன்று விஷயங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் டிரமடால், மார்ஃபின், ஆக்ஸிகோடோன், கோடீன் போன்ற ஓபியாய்டு வலி மருந்து ஒன்றைச் சாப்பிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்துக்குள் யாராவது ஒருவர் “பாத்து, பழகிடப் போகுது” என்று சொல்லிவிடுவார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது.

புதுச் செருப்பு முதல் இரண்டு நாள் கடிக்கும், பிறகு கால் பழகிவிட்டது என்கிறோம். காலையில் காபி குடித்துப் பழகிவிட்டது, ஒருநாள் விட்டால் தலை வலிக்கிறது என்கிறோம். ஒருவருக்குக் குடிப்பழக்கம் இருக்கிறது என்றும் சொல்கிறோம். மூன்றிலும் இருப்பது ‘பழக்கம்’ என்ற ஒரே சொல். நடப்பதோ மூன்று வெவ்வேறு காரியங்கள். வலி மருந்து விஷயத்தில் முதலாவதைத் தாங்குதிறன் என்றும், இரண்டாவதை உடல்சார்பு என்றும், மூன்றாவதை அடிமையாதல் என்றும் மருத்துவர்கள் பிரித்துச் சொல்வார்கள். பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நோயாளியின் இருபது நாட்களை வைத்தே பார்ப்போம். இவர் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் நோயாளி.

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 58 வயதுப் பெண்மணி. டிரமடால் 50 மி.கி. கேப்சூல், 6 மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு 4. கூடவே பாராசிட்டமால், மலமிளக்கி. முதல் மூன்று நாள் கண்ணைச் சொக்குகிறது, குமட்டுகிறது. ஆறாம் நாள் வாக்கில் இரண்டும் தானாகவே அடங்கிவிடுகின்றன. மருந்தின் அளவு மாறவில்லை, உடல் அதற்கு ஈடு கொடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. இதுதான் தாங்குதிறன். பலரும் நினைப்பதுபோல இது கெட்ட செய்தியாகவே வருவதில்லை. பக்கவிளைவு குறைவதும் இதனால்தான்.

ஆனால் உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மயக்கத்துக்கும் குமட்டலுக்கும் மூளை சில நாட்களில் பழகிவிடும். குடல் மட்டும் அநேகமாகப் பழகுவதே இல்லை. அதனால்தான் குமட்டல் போய்விட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்துபவர்கள் ஒரு வாரத்தில் வயிறு கட்டிக்கொண்டு அவதிப்படுகிறார்கள். கேப்சூல் ஓடும் நாள் வரை மலமிளக்கியும் ஓட வேண்டும்.

பன்னிரண்டாம் நாள், முன்பு 6 மணி நேரம் நின்ற கேப்சூல் இப்போது 4 மணி நேரத்தில் விட்டுப்போகிறது. மருந்து பழகிவிட்டது, இனி வேலை செய்யாது என்று அவருக்குத் தோன்றுகிறது. தாங்குதிறன் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். முந்தின வாரம் கட்டிலைப் பிடித்து நின்றவர் இந்த வாரம் மூட்டை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்கிறார். வேலை கூடினால் வலியும் கூடும். இந்த வலி பயிற்சியை ஒட்டி வரும், ஓய்வில் தணியும். இரண்டாவது காரணம் மூட்டிலேயே ஏதோ சரியில்லாமல் போவது. தையல் சிவந்து சூடாக இருக்கிறதா, நீர் கசிகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்றும் கிருமித்தொற்றின் அடையாளங்கள், கடைசியது கால் நரம்பில், அதாவது ரத்தக்குழாயில், ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘மருந்து பழகிவிட்டது’ என்ற நினைப்பு இந்த இடத்தில்தான் ஆபத்து. தொற்றால் வரும் வலிக்கு இன்னொரு கேப்சூலைப் போட்டுவிட்டு இரண்டு நாள் வீணாகிவிடும்.

இவை எதுவும் இல்லை, தாங்குதிறன்தான் என்றாலும் கேப்சூலைத் தானாகக் கூட்டக் கூடாது. டிரமடாலுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 400 மி.கி. அதைத் தாண்டினால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதற்குக் கீழேயே அந்த ஆபத்து உண்டு. முதலில் செய்யக்கூடியது எளிது: மருத்துவர் சொன்ன பாராசிட்டமாலை வலி வந்தபின் தேடாமல் நேரம் தவறாமல் எடுப்பது, நாளின் கேப்சூல்களில் ஒன்று பயிற்சிக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு வரும்படி நேரத்தை மாற்றித்தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்பது. எண்ணிக்கை அதேதான், பலன் தேவைப்படும் நேரத்தில் கிடைக்கிறது.

இப்போது இருபதாம் நாள். இரவு பத்து மணிக்குக் கடைசி கேப்சூல் தீர்ந்துவிட்டது. வலி பரவாயில்லை, இனி வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். மறுநாள் மாலை கொட்டாவி வருகிறது, ஓயாமல் வருகிறது. மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் நீர் வழிகிறது, கையில் மயிர்க்கூச்சம். ராத்திரி வயிறு முறுக்கி இரண்டு மூன்று தடவை பேதி. காலை எப்படி வைத்தாலும் நிலைகொள்ளவில்லை, தூக்கமில்லை, காரணமில்லாத படபடப்பு.

வீட்டில் சிலர் இதைச் சளிக்காய்ச்சல் என்பார்கள். சிலர், போதைக்காரர்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று கேள்விப்பட்டதை நினைத்து முகம் வெளிறிப்போவார்கள். நோயாளிக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடும். வீட்டில் எங்காவது தவறிக் கிடந்த ஒரு கேப்சூலைத் தேடி எடுத்துப் போட்டால் ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கும். அந்த நிம்மதியே பயத்தை உறுதிப்படுத்திவிடும்: “இது இல்லாம என்னால இருக்க முடியலையே.”

இது அடிமையாதல் அல்ல, உடல்சார்பு. அறிகுறிகளை மறுபடி பாருங்கள், ஒரு ஒழுங்கு தெரியும். மருந்து குடலைக் கட்டியது, இப்போது பேதி. மருந்து தூக்கத்தைத் தந்தது, இப்போது தூக்கமில்லை. மருந்து கண்மணியைச் சுருக்கியது, இப்போது விரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் மருந்து செய்ததற்கு நேர் எதிர். மூளைத்தண்டில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து உடலை விழிப்பில் வைக்கும் ஒரு நரம்புக்கூட்டம் இருக்கிறது. ஓபியாய்டு அதை அமுக்கி வைக்கும். வாரக்கணக்கில் அமுக்கினால் அந்தச் செல்கள் எதிர்த்துத் தள்ளும் வலுவைக் கூட்டிக்கொள்கின்றன. கதவை ஒருவர் வெளியிலிருந்தும் ஒருவர் உள்ளிருந்தும் தள்ளிக்கொண்டிருக்கும்போது கதவு அசையாது. வெளியில் இருப்பவர் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவர் தடுமாறி வெளியே வந்து விழுவார். அந்த விழுகைதான் நீங்கள் படுவது. இதில் மனவுறுதிக்கோ ஒழுக்கத்துக்கோ வேலையே இல்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவரும், இதயத்துக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதும் இதைப் போன்ற காரணத்தால்தான். அவர்களை யாரும் அடிமை என்று சொல்வதில்லை.

சீக்கிரம் செயல்பட்டு முடியும் ஓபியாய்டுகளில் இந்த அவதி பெரும்பாலும் கடைசி வேளைக்கு 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டு மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் ஓய்ந்துவிடும். டிரமடால் மனச்சோர்வு மருந்து போலவும் கொஞ்சம் வேலை செய்வதால், அதை நிறுத்தும்போது சிலருக்குப் பதற்றமும் கைகால் சுரீர் என்று கூசுவதும் சேர்ந்துகொள்ளும்.

உடல்சார்புக்கு வழி மெல்லக் குறைப்பதுதான். தேவைப்பட்டபோது மட்டும் சில நாள் எடுத்தவருக்குப் பொதுவாகக் குறைக்கவே வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு மேல், ஒரு மாதத்துக்குள், நாள் முழுக்க இடைவிடாமல் எடுத்தவருக்கு 2 நாளைக்கு ஒருமுறை ஏறக்குறைய 20% குறைக்கலாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல். நம் நோயாளிக்கு 50 மி.கி. கேப்சூலைப் பிரிக்க முடியாது. அதனால் மருத்துவர் 4 என்பதை 3 ஆக்கி இரண்டு மூன்று நாள், பிறகு 2, பிறகு 1, பிறகு நிறுத்தம் என்று எழுதிக்கொடுக்கலாம். இரவு வேளையைக் கடைசிவரை வைத்திருந்தால் தூக்கம் கெடாது. ஒரு படியில் கொட்டாவியும் மூக்கொழுகலும் எட்டிப்பார்த்தால் அதே படியில் இன்னும் இரண்டு நாள் நிற்கலாம், மேலே ஏற வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் மட்டும் இதை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் செய்யவே கூடாது.

அப்படியானால் அடிமையாதல் எது? அது உடலில் தெரியும் அறிகுறி அல்ல, நடத்தையில் தெரிவது. மருந்தின் மேல் அடங்காத வேட்கை, எடுப்பதில் கட்டுப்பாடு போவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் விட முடியாமை. மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு 2013இல் இதற்கு 11 அளவுகோல்களைக் கொடுத்தது. அவற்றில் தாங்குதிறனும், மருந்தை நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகளும் உண்டு. ஆனால் மருத்துவர் எழுதியபடி மருந்தை எடுப்பவரிடம் இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அந்தக் கையேடே சொல்கிறது. மூட்டு மாற்றிக்கொண்டவர் பேதியும் கொட்டாவியுமாகக் கிடப்பதை மட்டும் வைத்து அவரை அடிமை என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

அதற்காக அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு யாரும் அடிமையாவதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிறு பங்கினருக்கு அது நேர்கிறது. முன்பு மதுவுக்கோ வேறு போதைக்கோ அடிமையாக இருந்தவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், மருந்து எடுக்கும் நாட்கள் நீண்டுகொண்டே போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உங்களிடமே கேட்டுப் பாருங்கள். கேப்சூலை முழங்கால் வலிக்காக எடுக்கிறேனா, மனது சரியில்லை, தூக்கம் வரவில்லை என்று எடுக்கிறேனா? பத்து நாள் மருந்து ஆறு நாளில் தீர்கிறதா? எத்தனை எடுத்தேன் என்பதை வீட்டில் மறைக்கிறேனா? இன்னொரு மருத்துவரிடம் போய் இதே சீட்டை வாங்கினேனா? இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று வந்தாலும் அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். இதற்கும் சிகிச்சை இருக்கிறது, பியூப்ரெநார்ஃபின் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

இன்னும் ஒன்று இருக்கிறது. தாங்குதிறன் வந்ததுபோலவே போகவும் செய்யும், ஓபியாய்டை நிறுத்திய சில நாட்களிலேயே குறையத் தொடங்கிவிடும். அதிக அளவு எடுத்து நிறுத்தியவர் ஒரு மாதம் கழித்து வேறு வலிக்குப் பழைய உச்ச அளவைத் தானாக எடுத்தால், அன்று தாங்கிய அளவு இன்று மூச்சை நிறுத்தப் போதுமானதாக இருக்கலாம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். எழுப்பினாலும் எழாத தூக்கம், களகளவென்ற குறட்டை, நீண்ட இடைவெளி விட்டு வரும் மூச்சு, நீலம் பாரித்த உதடு, இவற்றில் எதைப் பார்த்தாலும் தூங்கட்டும் என்று விடாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து கொடுத்து மீட்க முடியும். மீந்த கேப்சூல்களை அலமாரியில் வைத்திருக்காமல் மருந்தகத்தில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். அதுவரை பூட்டி வையுங்கள்.