"உடம்பு சுட்டா மருந்து குடுங்க" என்று மட்டும் எழுதி வைத்தால் என்ன ஆகும்?

[திரையில்: ஒரு வெள்ளைத்தாள். பேனாவால் எழுதிய நான்கு வரிகள்.]

குரல்:
குழந்தையைத் தாத்தா பாட்டியிடமோ, பார்த்துக்கொள்ள வருபவரிடமோ விட்டுவிட்டுக் கிளம்பும்போது, பல வீடுகளில் எழுதி வைக்கிற குறிப்பு இப்படித்தான் இருக்கும்:

"நேரத்துக்குச் சாப்பாடு குடுங்க. உடம்பு சுட்டா மருந்து குடுங்க. ஜாக்கிரதையா பாத்துக்குங்க. ஏதாவதுன்னா உடனே எனக்கு போன் பண்ணுங்க."

இதில் எந்த வரியும் தப்பில்லை. ஆனால் இவ்வளவும் படிக்கிறவருக்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரியாதது, எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி., எந்தக் கட்டத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதுதான். தாளில் அது இல்லையென்றால் அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். பாட்டி, தன் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த அளவை நினைவிலிருந்து எடுப்பார். புதிதாக வந்தவர், தப்பாகிவிடுமோ என்று பயந்து ஒன்றும் செய்யாமல் இருப்பார், அல்லது கையில் கிடைத்த பாட்டிலில் ஒரு ஸ்பூன் ஊற்றுவார்.

முதல் வரியைச் சரிசெய்வது சுலபம். "11.30-க்குச் சாப்பாடு, 12.30-க்குத் தூக்கம்" என்று எழுதினால் போதும். சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போனால் குழந்தை கொஞ்சம் அழும், அவ்வளவுதான். இரண்டாவது வரி அப்படியில்லை.

[திரையில்: இரண்டாவது வரி மட்டும் பெரிதாகிறது. "உடம்பு சுட்டா மருந்து குடுங்க."]

குரல்:
14 மாதக் குழந்தை, எடை 10 கிலோ. மருந்து, பாராசிட்டமால் சிரப். குழந்தைகளுக்கு இந்த மருந்தை வயதை விட எடையைப் பார்த்துத்தான் டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை. 15 என்று வைத்தால் இந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி.

[திரையில்: மூன்று பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில். லேபிள்கள் நெருக்கமாக.]

அந்த 150 மி.கி. எத்தனை மி.லி. என்பது பாட்டிலைப் பொறுத்தது. முதல் பாட்டிலில் 5 மி.லி.-க்கு 120 மி.கி. மருந்து இருக்கிறது. அதில் 6 மி.லி.-க்குச் சற்று மேலே வரும். இரண்டாவதில் 5 மி.லி.-க்கு 250 மி.கி. அதில் 3 மி.லி. போதும். மூன்றாவது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. சின்ன பாட்டில் என்பதால் வீரியமும் குறைவாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் 1 மி.லி.-யிலேயே 100 மி.கி. அடக்கிய சொட்டு மருந்துகள் உண்டு. அதில் ஒன்றரை மி.லி.-யிலேயே அளவு முடிந்துவிடும்.

இப்போது "ஒரு ஸ்பூன் குடுங்க" என்று எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பூன் என்றால் 5 மி.லி. முதல் பாட்டிலில் 120 மி.கி. போகும், பாதகமில்லை. இரண்டாவதில் 250 மி.கி., கொடுக்க வேண்டியதை விட 100 கூடுதல். மூன்றாவதில் 500 மி.கி., மூன்று மடங்குக்கும் மேல். இதுவும் ஸ்பூன் சரியாக 5 மி.லி. பிடித்தால்தான். சமையலறை ஸ்பூனில் 3 மி.லி. பிடிப்பதும் உண்டு, 7 பிடிப்பதும் உண்டு.

பாராசிட்டமால் அளவு மீறினால் பாதிக்கப்படுவது கல்லீரல். அது அன்றைக்கே வெளியே தெரியாமலும் போகலாம். குழந்தை விளையாடிக்கொண்டு, பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால் தாளில் இந்த வரியும் இருக்க வேண்டும்: "மருந்து கூடிப்போயிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே, குழந்தை நன்றாக இருந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடவும்."

[திரையில்: வாய்வழி மருந்து கொடுக்கும் சிரிஞ்ச். 3 மி.லி. கோட்டில் சிவப்பு மார்க்கரால் ஒரு வளையம்.]

குரல்:
எனவே தாளில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வர வேண்டும்: எந்த பாட்டில், அதன் வீரியம், எத்தனை மி.லி. "நீல மூடி பாட்டில், 5 மி.லி.-ல் 250 மி.கி. இதில் 3 மி.லி. வேறு பாட்டில் என்றால் கொடுக்க வேண்டாம், எனக்கு போன் செய்யவும்." இந்த 3 என்ற எண்ணை உங்கள் குழந்தையின் டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். நாம் இங்கே காட்டுவது கணக்கு எப்படி மாறுகிறது என்பதை மட்டுமே.

எண்ணை எழுதும் விதத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது. 3.0 என்று எழுதாதீர்கள். புள்ளி மங்கினால், அல்லது மூக்குக் கண்ணாடி கையில் இல்லாமல் படித்தால், அது 30 ஆகிவிடும். வெறும் 3 போதும். அரை மி.லி. என்றால் .5 என்று விடாமல் 0.5 என்று முன்னால் சுழியம் போட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரிகளிலும் மருந்துச் சீட்டை இந்த விதிப்படி எழுதச் சொல்வது இதே காரணத்துக்காகத்தான்.

சிரிஞ்சை பாட்டிலோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வையுங்கள். கொடுக்க வேண்டிய கோட்டில் மார்க்கரால் வளையம் போட்டுவிட்டால் எண்ணைப் படிக்கும் வேலையே இல்லை. கறுப்பு ரப்பரில் நுனிப் பக்கம் இருக்கிற விளிம்பு அந்த வளையத்தைத் தொட வேண்டும். சிரப்பாக வருகிற பாராசிட்டமாலில் பல, அடியில் படியக்கூடியவை. குலுக்காமல் எடுத்தால் முதல் சில வேளைகளில் மருந்து நீர்த்தும், பாட்டில் முடியும் சமயத்தில் வீரியமாகவும் போகும். ஆகவே "நன்றாகக் குலுக்கவும்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: சுவர்க் கடிகாரம். 7.40.]

குரல்:
அடுத்தது நேரம். மருந்து இரட்டிப்பாகப் போவது பெரும்பாலும் கை மாறுகிற வேளையில்தான். அம்மா காலை 7.40-க்கு ஒரு வேளை கொடுத்துவிட்டு, "காலைல மருந்து குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். 10 மணிக்குக் குழந்தையின் நெற்றி மறுபடி சுடுகிறது. காலை என்றால் விடிகாலையாக இருக்கும் என்று நினைத்துப் பாட்டி ஒரு வேளை கொடுக்கிறார். பாட்டி துணி உலர்த்தப் போன நேரத்தில் தாத்தா இன்னொரு வேளை. மூவருமே அக்கறையோடுதான் கொடுத்தார்கள். ஆனால் மூன்று மணி நேரத்தில் மூன்று வேளை உள்ளே போய்விட்டது.

"6 மணி நேரத்துக்கு ஒருமுறை" என்று எழுதினாலும் இது தீராது. எப்போதிலிருந்து 6 மணி நேரம் என்று அதில் இல்லை. சிலர் அதைப் படித்துவிட்டு, காய்ச்சலே இல்லாதபோதும் தூங்குகிற குழந்தையை எழுப்பிக் கொடுப்பார்கள். இப்படி எழுதுங்கள்:

[திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

"கடைசியாகக் கொடுத்தது: காலை 7.40. அடுத்த வேளை பகல் 1.40-க்கு முன்னால் கிடையாது. அப்போதும் வெப்பமானி 38 டிகிரிக்கு மேல் காட்டி, குழந்தை சோர்ந்தோ அழுதுகொண்டோ இருந்தால் மட்டும். தூங்கினால் எழுப்ப வேண்டாம். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. கொடுத்ததும் கீழே மணியையும் அளவையும் எழுதவும்."

உங்கள் வீட்டு வெப்பமானி ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 100.4 என்று எழுதுங்கள். எந்த எண் அதில் தெரியுமோ அந்த எண்தான் தாளில் இருக்க வேண்டும். கீழே நேரத்துக்கும் அளவுக்கும் இரண்டு கட்டம் போட்டு, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா தேடப் போனால் எழுத மறந்துவிடும். இன்னும் ஒரு வரி: "இருமல், சளி மருந்து எதுவும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்." அவற்றில் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும்.

[திரையில்: நான்காவது வரி. "ஏதாவதுன்னா எனக்கு போன் பண்ணுங்க."]

குரல்:
மூன்றாவது வரியை, அதாவது "ஜாக்கிரதையா பாத்துக்குங்க" என்பதை, அடித்தே விடலாம். ஆனால் நான்காவது வரியில் உயிர் சம்பந்தப்பட்ட ஓட்டை இருக்கிறது. "ஏதாவது" என்றால் எது? நீங்கள் போனை எடுக்கவில்லை என்றால்?

காய்ச்சலோடு வரக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம், வலிப்பு. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு ஒரு தடவையாவது வருகிறது. கண் மேலே செருகும், கை கால் விறைத்து வெட்டி இழுக்கும். பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானாக அடங்கிவிடும். முதல் முறை பார்ப்பவருக்கோ குழந்தை கையை விட்டுப் போகிறது என்றே தோன்றும். அந்த நேரத்தில் அவர் செய்யக்கூடியது, உங்களுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பதுதான், ஏனென்றால் தாளில் அதுதான் இருக்கிறது. நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு இருந்தால் அத்தனை நிமிடமும் வீண்.

அதனால் வரிசையை மாற்றி எழுதுங்கள். ஆம்புலன்ஸ் முதலில், நீங்கள் இரண்டாவது.

[திரையில்: தாளின் பின்பக்கம். பெரிய எழுத்தில்.]

"வலிப்பு வந்தால்:
கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறிக்கவும்.
தரையில் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். பக்கத்தில் இருக்கிற நாற்காலியை நகர்த்தவும்.
வாயில் விரல், ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம்.
ஸ்பீக்கரில் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடவும். பிறகு எனக்கு."

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிற எல்லை. ஆனால் குழந்தைக்கு இதுதான் முதல் வலிப்பு என்றால், காத்திருக்காமல் அப்போதே கூப்பிடச் சொல்லி எழுதுங்கள். உதடு நீலமானாலும், மூச்சுவிடத் திணறினாலும், வலிப்பு நின்ற பிறகும் குழந்தை கண் திறக்காமலே கிடந்தாலும் அப்படித்தான். ஆரம்பித்த மணியைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். மருத்துவக் குழு வந்ததும் முதலில் கேட்கிற கேள்விகளில் அது ஒன்று.

போனில் என்ன சொல்வது என்பதையும் எழுதிவிடுங்கள். மருமகளின் வீட்டு முகவரி மாமியாருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "14 மாதக் குழந்தை, எடை 10 கிலோ. காய்ச்சலில் வலிப்பு. ஆரம்பித்தது ___ மணிக்கு. கதவு எண், தெரு, எத்தனையாவது மாடி, பக்கத்தில் என்ன அடையாளம். கடைசியாகப் பாராசிட்டமால் கொடுத்தது ___ மணிக்கு." ஒவ்வாமை ஏதும் இருந்தால் அடுத்த வரியில். எண்கள் எல்லாம் தாளிலேயே இருக்கட்டும். உங்கள் போனில் பதிந்திருப்பது அவருக்கு உதவாது. நீங்கள் எடுக்காவிட்டால் கூப்பிட, ஐந்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய ஒருவரின் எண்ணும் வேண்டும்.

[திரையில்: ஒரு டம்ளர் தண்ணீர், சிரிஞ்ச், தாள்.]

குரல்:
தாள் சரியாக இருக்கிறதா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில், "அம்மா, இந்தத் தண்ணியை மருந்துன்னு நெனச்சு எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். சிரிஞ்சின் கறுப்பு ரப்பர், மார்க்கர் வளையத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். "இப்ப பதினொரு மணி, உடம்பு சுடுது, என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். 1.40 வரை மருந்து கிடையாது என்று தாளைப் பார்த்து அவர் சொன்னால் சரி. சற்றுத் தயங்கினாலும் மாற்ற வேண்டியது அந்த வரியைத்தான்.

மேல் ஓரத்தில் தேதியும் அன்றைய எடையும் இருக்கட்டும். குழந்தை 12 கிலோ ஆன பிறகும், மருந்துக் கடையில் வேறு வீரியமுள்ள பாட்டில் கிடைத்தபோதும், இந்தத் தாளில் இருக்கிற 3 செல்லாது. பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.