பின்பகுதிக்கு இரண்டே இடம்

நடுவர் தந்த தலைப்பு: "பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு டியூஷனில் சொல்லித்தரும் பெருக்கல் குறுக்குவழிகள் கைகொடுக்கின்றனவா, காலை வாருகின்றனவா?"

நடுவர் அவர்களே, காலை வாருகின்றன என்ற அணியிலிருந்து பேசுகிறேன்.

எதிரணித் தங்கை, தன் மகன் 97×96-க்குச் சட்டென்று 9312 என்று சொல்வதாகப் பெருமைப்பட்டார். விடை சரிதான். 100-க்கு 3 குறைவு, 4 குறைவு. 97-இல் 4 போனால் 93. மூன்று நான்கு 12. அதே பிள்ளையிடம் 88×87 கொடுத்துப் பாருங்கள் அம்மா. குறைவு 12, 13. 88-இல் 13 போனால் 75. 12×13 = 156. ஒட்டி எழுதினால் 75156! பின்பகுதிக்கு இரண்டே இடம்தான். 156-இன் 1 முன்னே போய் 75-ஐ 76 ஆக்க வேண்டும். விடை 7656. 98×97-இல் இதே தவறு தலைகீழாக வரும்: 95-உம் 6-உம் சேர்த்து 956 என்பான், 06 என்று எழுதி 9506 ஆக்க வேண்டும்.

"அதற்குத்தான் இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்க்கச் சொல்கிறோமே" என்றார் எதிரணி அண்ணன். பாதி உண்மை. பல தவறுகளை அது பிடிக்கும், இதைப் பிடிக்காது. 88-க்கு 8+8 = 16, மறுபடி கூட்டினால் 7; அதேபோல் 87-க்கு 6. பெருக்கினால் 42, அதாவது 6. தவறான 75156-ஐக் கூட்டுங்கள்: 24, அதுவும் 6! இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. இங்கே தவறு இடத்தில்தான். பையன் சரிபார்த்துவிட்டேன் என்ற தைரியத்தில் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறான். 90×90 = 8100, அதைத் தாண்டாது என்று தோராயம் போட்டிருந்தால் அங்கேயே அகப்பட்டிருக்கும்.

எதிரணித் தலைவர் கணக்கு தெரிந்தவர். (100−a)(100−b) = 100(100−a−b) + ab என்பதுதான் இது என்று அழகாகக் காட்டினார். ஐயா, நீங்கள் காட்டியது காரணம். டியூஷனில் கிடைப்பது வெறும் வாய்பாடு. அந்த 100-ஆல் பெருக்குவதைப் பார்த்தவனுக்கு 156-ஐ எங்கே வைப்பது என்று குழப்பமே வராது.

அபாகஸ் பற்றிப் பேசிய தம்பிக்கு ஒரு வார்த்தை: தலைப்பு அதுவல்ல.

பத்தாம் வகுப்பு வினாத்தாளில் 88×87 எத்தனை முறை வருகிறது? ஆரம் 14, உயரம் 20 உள்ள உருளையின் கன அளவு கேட்பார்கள். 22/7×14×14×20. முதலில் 7-ஐ 14-இல் அடித்தால் 44×280, விடை 12320. அடிக்காமல் பெருக்கிக்கொண்டே போனவன் 86240-ஐ 7-ஆல் வகுத்துத் திணறுகிறான். பெருக்கலைக் குறைக்கும் இந்த வழக்கத்தைத்தான் முதலில் பழக்க வேண்டும்.

5-இல் முடியும் எண்ணின் வர்க்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 35-க்கு மூன்று நான்கு 12, பின்னால் 25, ஆக 1225. அதில் இடத் தவறு வராது. 43×47-க்கும் இதேபோல் நான்கு ஐந்து 20, பின்னால் மூன்று ஏழு 21, ஆக 2021 என்று சொல்லும் வழியையும் சேர்க்கலாமா என்பதில் எங்கள் அணிக்குள்ளேயே சண்டை. ஒன்றாம் இலக்கங்கள் கூடி 10 ஆக வேண்டும் என்பதை மறந்தவன் 43×46-க்கு 2018 எழுதுகிறான்; சரியான விடை 1978.