மீட்டிங்குக்கு வர முடியவில்லையா? மாற்று நேரத்தை இப்படிக் கேளுங்கள்

கேள்வி: "வேறு டீமில் இருக்கும் ஒரு சீனியர் வியாழக்கிழமை 3 மணிக்கு மீட்டிங் போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் எனக்கு வேறு போன் கால் இருக்கிறது. வர முடியாது என்றால் அலட்சியம் என்று நினைத்துவிடுவாரோ? எப்படிச் சொல்வது?"

முதலில் அந்த அழைப்பில் உங்களைத் தவிர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பதிலே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

நீங்களும் அவரும் மட்டும் என்றால், வேறு நேரம் கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் காலண்டரில் Decline பட்டனை மட்டும் தட்டிவிடாதீர்கள். உங்கள் பெயரும் 'மறுத்துவிட்டார்' என்ற செய்தியும் மட்டும்தான் அவருக்குப் போகும். காரணம் தெரியாதபோது மனம் தானாக ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்ளும். ஒருமுறை நானே அப்படித் தட்டிவிட்டேன். கூட வேலை செய்த ஒருவர், அவருடைய வேலையே எனக்குப் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கூகுள் காலண்டரில் Propose a new time என்று இருக்கும். அவுட்லுக்கில் Decline and Propose New Time. இரண்டிலும் நேரத்தோடு ஒரு குறிப்பும் எழுதி அனுப்பலாம். மீட்டிங் போட்டவர் அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தால், சாதாரண மெயில் போதும். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் சார். புது சப்ளையர் விலைப்பட்டியல் பற்றிப் பேச அழைத்ததற்கு நன்றி. வியாழன் 3 மணிக்கு வாடிக்கையாளர் ஒருவருடன் பேச ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன். வியாழன் காலை 11 மணி அல்லது புதன் மாலை 4 மணி உங்களுக்குச் சரிப்படுமா? உங்கள் காலண்டரில் இரண்டுமே காலியாகத் தெரிகின்றன. பட்டியலில் எனக்கு இருக்கும் இரண்டு சந்தேகங்களை நாளை மாலைக்குள் எழுதி அனுப்பிவிடுகிறேன்."

இதில் நான் முக்கியமாக நினைப்பது, கேட்ட இரண்டு நேரமும் அவர் வைத்த நேரத்துக்கு முன்னால் இருக்கின்றன என்பது. வெள்ளிக்கிழமை அவர் முடிவு சொல்லியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் "அடுத்த வாரம் பார்க்கலாமா?" என்று கேட்டால், அது அவருக்கு மாற்றே கிடையாது. வார்த்தை எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் தட்டிக்கழிப்பதாகத்தான் தெரியும். அதனால் எப்போதுக்குள் முடிய வேண்டும் என்று தெரியவில்லையென்றால், அதை முதலில் கேட்டுவிடுங்கள். "உங்களுக்கு எப்போது வசதியோ சொல்லுங்கள்" என்பதும் பணிவாகத் தோன்றும், ஆனால் நேரம் தேடும் வேலையை மறுபடி அவர் தலையிலேயே கட்டுகிறீர்கள்.

காரணம் ஒரு வரி போதும். நீளமாக விளக்க விளக்க, சாக்குச் சொல்வது போல ஆகிவிடும்.

சரி, அதே அழைப்பில் எட்டுப் பேர் இருந்தால்? அப்போது நேரத்தை மாற்றச் சொல்லாதீர்கள். உங்கள் ஒருவருக்காக மற்ற ஏழு பேரின் நாளும் கலைந்துவிடும். அங்கே நீங்கள் தர வேண்டிய மாற்று வேறு: நீங்கள் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். "டெலிவரி தேதி பற்றிப் பேசும்போது, எங்கள் பக்கத்தில் சோதனைக்கு 6 நாள் தேவை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் தேதி என்றால் எனக்குச் சம்மதம், அதற்கு முன்னால் என்றால் முடியாது." இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்தால், நீங்கள் இல்லாமலேயே அவர்கள் முடிவெடுத்துவிடலாம்.

உங்களுக்குப் பதில் டீமில் இன்னொருவரை அனுப்பலாம். ஆனால் அவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு, எந்த அளவுக்கு அவரே முடிவு சொல்லலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். இல்லையென்றால் அவர் ஒவ்வொன்றுக்கும் "கேட்டுச் சொல்கிறேன்" என்பார், இன்னொரு மீட்டிங் போட வேண்டி வரும்.

அப்புறம், அழைப்பைப் பார்த்த அன்றைக்கே பதில் போடுங்கள். போக முடியாது என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் Tentative என்று போட்டுவைத்து, 2:50-க்கு "வர முடியவில்லை" என்று அனுப்புவதுதான் உண்மையிலேயே புண்படுத்தும்.

அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். "11 மணி ஓகே" என்று வந்தால் சரி. "பரவாயில்லை, விடுங்கள்" என்று மட்டும் வந்தால், இன்னொரு மெயில் போடாதீர்கள், போனை எடுத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். அதே ஆளுக்கு நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை வர முடியாது என்று சொல்லியிருந்தால், இந்த முறை எழுதுவதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். அந்த இரண்டு சந்தேகங்களையும், சொன்னபடி நாளை மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்.