காதில் ஒட்டிக்கொள்ளும் ஜெர்மன்: "கேஸ்டெ" என்பது யார்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மன் மொழியை நூல்வழி நன்றாகப் படித்தவர்கள்கூட, பெர்லின் தெருவில் ஒருவர் பேசும் எளிய கேள்வியைப் புரிந்துகொள்ள இயலாமல் நிற்பதுண்டு. நானும் அப்படி நின்றவன்தான். ரயில் நிலையத்தின் வாசலில் ஓர் இளைஞர் என்னிடம் "ஹஸ்டெ மன் ஒய்ரோ?" என்று கேட்டார். கடைசிச் சொல் யூரோ நாணயம் என்பது மட்டும் விளங்கியது. அதற்கு முன்னால் வந்தது ஏதோ நான் கற்காத வினைச்சொல் என்று எண்ணி அகராதியில் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் கேட்டது, "ஹஸ்ட் டூ மால் ஐனன் ஒய்ரோ?", அதாவது "உன்னிடம் ஒரு யூரோ இருக்குமா?" என்பதே. ஏழு அசைகளில் இருக்க வேண்டியது ஐந்து அசைகளாகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சுருக்கத்தின் மையம் "டூ" என்ற சொல்லில் இருக்கிறது. "நீ" என்னும் பொருள் தரும் அது, கேள்வியில் வினைச்சொல்லுக்கு அடுத்து வரும். "நீ போகிறாயா" எனப் பொருள்படும் "கேஸ்ட் டூ" என்னும்போது, வினையின் இறுதியில் உள்ள டகர ஒலியும் அடுத்த சொல்லின் முதலொலியும் நாக்கின் ஒரே இடத்தில் பிறப்பதால், பேசுபவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். "டூ" என்பதன் நீண்ட உயிரொலி அழுத்தமிழந்து மெலிந்த எகரமாகிறது. இவ்வாறே "கேஸ்டெ" பிறக்கிறது. "பிஸ்ட் டூ" என்பது "பிஸ்டெ" ஆவதும், "வில்ஸ்ட் டூ" என்பது "வில்ஸ்டெ" ஆவதும் இதே வழியில்தான். உரையாடலில் அடிக்கடி காதில் விழும் "வைஸ்டெ" என்பதும் "உனக்குத் தெரியுமா" எனப் பொருள்படும் "வைஸ்ட் டூ" அன்றி வேறில்லை.

இவ்வளவு தேய்ந்தும் பொருள் கெடாததற்குக் காரணம், "நீ" என்பதை வினையின் "ஸ்ட்" விகுதியே முன்னதாகச் சொல்லிவிடுகிறது என்பதே. "போகிறாயா" என்று கேட்கும்போது "நீ" என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை என்பதை அறிந்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் இன்னும் ஒரு படி மேலே சென்று, "டூ" என்பதை அறவே விட்டு, "கேஸ்ட் மிட்?" என்றே "கூட வருகிறாயா?" எனக் கேட்பார்கள். ஆனால் "நீயா போகிறாய்?" என்று ஆளை அழுத்திக் கேட்டால் "டூ" முழுமையாகவே ஒலிக்கும், "டூ" வினைக்கு முன்னால் வரும் கூற்று வாக்கியத்திலும் இந்த ஒட்டு நிகழாது.

கேட்பவர் உண்மையில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "முஸ்ட் டூ" சுருங்கினால் "முஸ்டெ" ஆகும். "கட்டாயம் செய்ய வேண்டியிருந்தது" என்னும் இறந்தகால வடிவமும் அதே "முஸ்டெ"தான். ஒலியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. "முஸ்டெ எர் ஆர்பைடன்?" என்று கேட்டால், "எர்", அதாவது "அவன்", எழுவாயாக நிற்பதால், அவன் வேலை செய்ய வேண்டியிருந்ததா என்பது தெளிவு. "முஸ்டெ மோர்கன் ஆர்பைடன்?" என்பதிலோ எழுவாய் எங்கும் தென்படவில்லை, "மோர்கன்" நாளையைக் குறிப்பதால் இறந்தகாலமும் பொருந்தாது. ஆகவே எழுவாய் அந்த எகரத்துக்குள் ஒளிந்திருக்கிறது: "நாளைக்கு நீ வேலைக்குப் போக வேண்டுமா?" என்பதே பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பேச்சுவழக்கில் வாக்கியத் தொடக்கத்தில் "நான்" என்னும் "இஹ்" விடுபடுவதுண்டு. ஆதலால் "முஸ்டெ கெஸ்டர்ன் லாங்கெ ஆர்பைடன்" என்பது, "நேற்று நெடுநேரம் வேலை செய்ய வேண்டியிருந்தது" எனத் தம்மைப் பற்றி ஒருவர் கூறுவதாக இருக்கலாம். அங்கே "நேற்று" என்னும் காலச்சொல்லும் இறுதியில் தாழும் குரலும் வழிகாட்டும். முந்தைய கேள்வியிலோ குரல் பெரும்பாலும் உயர்ந்து முடியும்.

"ஹாபெ இஹ்" என்பது "ஹாப் இஹ்" ஆவது இதைவிட எளிது. இறுதி எகரம் மட்டும் உதிர்கிறது. இதனைப் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சொல்வார்கள், கடிதங்களிலும் எழுதுவார்கள். அதே வினையின் இன்னொரு வடிவமான "ஹாபன்" மட்டும் காதை ஏமாற்றும். அதன் நடு உயிர் உதிர்ந்ததும், இதழ்கள் மூடிப் பிறக்கும் பகர ஒலி பக்கத்திலுள்ள னகரத்தை மகரமாக்கி, பின்னர் தானும் கரைந்துபோக, "ஹம்" என்பதே எஞ்சுகிறது. கடைக்காரரிடம் "ஹாபன் ஸீ" என்பதைச் சுருக்கி "ஹம் ஸெ" என்று ஒருவர் தொடங்கினால், "உங்களிடம் இருக்கிறதா" என மரியாதையாகக் கேட்கிறார் என்று கொள்ளலாம்.

பயிற்சிக்கு, இருவர் இயல்பாகப் பேசும் பதிவில் அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட ஒலியை முதலில் கேட்டபடியே, சொற்களைப் பிரிக்காமல் எழுதுங்கள். பிறகு வினைச்சொல்லை அடையாளம் கண்டு, அதற்குரிய எழுவாய் எங்கே எனத் தேடுங்கள். எழுவாய் கிடைக்காத வாக்கியங்களை மட்டும் வட்டமிட்டு, அவற்றின் வினையீறுகளை மீண்டும் ஒருமுறை கேளுங்கள். "டூ" பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.